ஒரு டெலிவரிக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது? கடலூர் கூரியர் பிரான்ச் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் கூரியர் பிரான்ச் எடுத்து நடத்துகிறவர்கள் கணக்குப் பார்க்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே ரைடரின் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சக்குப்பம், புதுநகர், செம்மண்டலம் என்று டவுனுக்குள் சுற்றுகிற ரைடர் அவர். தொகைகள் கணக்கு எளிதாக வர ரவுண்டாக எடுத்தவை. உங்கள் சம்பளப் பட்டியலிலும் பங்க் பில்லிலும் இருப்பதை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு டெலிவரி செலவு என்றால் எதை எதால் வகுக்க வேண்டும்?

ரைடர் ரோட்டில் இருக்கிற நாளுக்கு ஆகும் மொத்தச் செலவை, அன்று கஸ்டமர் கைக்குப் போய்ச் சேர்ந்த பார்சல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். காலையில் ரன் ஷீட்டில் ஏறிய எண்ணிக்கையால் வகுத்தால் வருவது வேறு கணக்கு.

நம் ரைடருக்கு நாளைக்குச் சம்பள வகையில் 700, பெட்ரோல் 130, வண்டித் தேய்மானமும் பராமரிப்பும் 70, ஆக 900 ரூபாய். ஷீட்டில் 50 பார்சல் ஏறுகிறது. 40 கொடுத்துவிட்டு 10 பார்சலோடு திரும்பி வருகிறார். 900-ஐ 50-ஆல் வகுத்தால் 18 ரூபாய். இது ஒரு வாசலுக்குப் போய் வர ஆகும் செலவு. 40-ஆல் வகுத்தால் 22.50. இதுதான் ஒரு டெலிவரியின் செலவு. உங்களுக்கு யாரும் போய் வந்ததற்குப் பணம் தருவதில்லை, கொடுத்ததற்குத்தான் தருகிறார்கள். அதனால் ரேட் பேச உட்காரும்போது கையில் இருக்க வேண்டியது 22.50.

ஆனால் 18-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தப் பார்சல், எந்த ஏரியா, எந்தக் கடைக்காரர் உங்கள் காசைத் தின்கிறார் என்று பிரித்துப் பார்க்க அந்த எண் வேண்டும். பின்னால் வருகிற பாதிக் கணக்கு அதை வைத்துத்தான்.

சம்பளம் 15,000 தானே, 26 நாளால் வகுத்தால் 577 வருகிறது. 700 எப்படி?

கையில் கொடுக்கிற சம்பளம் 15,000. அதன் மேல் பி.எஃப்.பில் முதலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 1,800. ஈ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், கிட்டத்தட்ட 488. தீபாவளி போனஸின் மாதப் பங்கும் போன் ரீசார்ஜும் சேர்ந்து சுமார் 900. எல்லாம் கூட்டினால் 18,200-ஐ ஒட்டி வரும். அதை 26 நாளால் வகுத்தால் 700.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத அளவுக்குச் சிறிய பிரான்ச் என்றால் அந்த இரண்டையும் விட்டுவிடலாம். போனஸை விடாதீர்கள். அது ஐப்பசியில் ஒரே நாளில் கையை விட்டுப் போகிறது என்றாலும், பன்னிரண்டு மாத டெலிவரிக்கும் சேர்ந்த செலவு அது. மாதம் மாதம் ஏற்றாவிட்டால் மற்ற பதினொரு மாதமும் லாபம் இருப்பது போலத் தெரியும், அந்த ஒரு மாதம் எல்லாம் கவிழும்.

பெட்ரோலுக்கு வண்டிக் கம்பெனி சொல்கிற மைலேஜைப் போடலாமா?

வேண்டாம். பையில் இருபது கிலோ சுமை, நூறு மீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி எடுப்பது, லாரன்ஸ் ரோடு நெரிசல் என்று ஓடுகிற வண்டி அந்த மைலேஜ் தராது. டேங்க் நிரப்பி, ஓடோமீட்டர் குறித்து, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி நிரப்பிப் பாருங்கள். நம் கணக்கில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர், நாளைக்கு 52 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று எடுத்திருக்கிறேன். 1.3 லிட்டர், 130 ரூபாய்.

கூடவே 70 ரூபாய் வண்டிக்கு. ஆயில், செயின் செட், டயர், பிரேக் ஷூ, இன்ஷூரன்ஸ், பிறகு வண்டியின் விலையே தேய்ந்துகொண்டு வருவது. டெலிவரி வண்டி ஒரு வருஷத்தில் ஓடுகிற தூரத்தை வீட்டு வண்டி மூன்று வருஷத்திலும் ஓடாது. பெட்ரோலும் இதுவும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3.85 ரூபாய்.

வண்டி ரைடருடையது என்றால் இந்த 3.85-ஐத்தான் அவருக்குத் தர வேண்டும். பெட்ரோல் காசு மட்டும் கொடுத்தால் மிச்சத்தை அவர் தன் கையிலிருந்து போடுகிறார். டயர் மாற்ற வேண்டிய மாதத்தில் அவருக்கு அது புரியும். நல்ல ரைடர்கள் வேலையை விட்டுப் போவது பெரும்பாலும் அப்படி ஒரு மாதத்தில்தான்.

கொடுக்க முடியாமல் திரும்பி வந்த 10 பார்சலின் செலவை யார் தலையில் போடுவது?

முதலில் அந்த 10 என்ன என்று பிரிக்க வேண்டும். ஷீட்டில் ஏறிய 50-ல் புதுப் பார்சல் 43 தான். மிச்சம் 7, முந்தைய நாட்களில் போய்த் திரும்பியவை: இரண்டாம் முறை போவது 5, மூன்றாம் முறை போவது 2.

புது 43-ல் 37 அன்றே கொடுத்தாகிவிடுகிறது, 6 திரும்புகிறது. அதில் ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார், அது அனுப்பியவருக்கே ரிட்டர்ன். மற்ற 5 மறுநாள் போகிறது. இரண்டு கொடுத்தாயிற்று, மூன்று தங்கியது, அந்த மூன்றிலும் ஒன்று வேண்டாம் என்று ரிட்டர்ன். கடைசி 2 மூன்றாம் முறை போய், ஒன்று கொடுத்து, ஒன்று ரிட்டர்ன். ஆக, உள்ளே வந்த 43 பார்சலில் 40 சேர்ந்தது, 3 ரிட்டர்ன். நடந்த நடை 50, வீணான நடை 10.

ஒவ்வொரு நடைக்கும் 18 என்றால் வீண் நடைக்கு 180 ரூபாய். இது வழக்கமாக நடக்கிறதென்றால் கொடுத்து முடித்த 40 பார்சல்தான் அதைச் சுமக்க வேண்டும். 180-ஐ 40-ஆல் வகுத்தால் 4.50. அந்த 18-ம் இந்த 4.50-ம் சேர்ந்ததுதான் 22.50. ரிட்டர்ன் ஆனவற்றுக்கு 'நஷ்டம்' என்று தனிக் கணக்குத் திறந்து அங்கே தள்ளிவிட்டால் டெலிவரி செலவு 18 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்த 18-ஐ நம்பி 21 ரூபாய்க்கு ரேட் ஒத்துக்கொண்டு, மாசக் கடைசியில் காசு எங்கே போனது என்று தேடுகிற நிலைமை இப்படித்தான் வருகிறது.

கேஷ் ஆன் டெலிவரிக்கும் பணம் கட்டி வருகிற பார்சலுக்கும் ஒரே செலவுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். ஏனென்றால் 22.50 என்கிற சராசரி இரண்டு வேறு தொழில்களை ஒன்றாகப் போட்டு மூடிவிடுகிறது.

அதே 43 புதுப் பார்சலைப் பிரிப்போம். முன்பணம் கட்டியது 25. அதில் 23 முதல் நாளே போய்விட்டது, இரண்டு திரும்பியது. இரண்டாம் முறை ஒன்று, மூன்றாம் முறை இன்னொன்று. 25-ம் சேர்ந்துவிட்டது, மொத்தம் 28 நடை. 28 முறை 18 என்றால் 504, அதை 25-ஆல் வகுத்தால் 20.16.

கேஷ் ஆன் டெலிவரி 18. முதல் நாள் 14 போயிற்று, 4 திரும்பியது. அதில் ஒன்று அங்கேயே மறுப்பு. மூன்று இரண்டாம் முறை போய் ஒன்றுதான் கொடுத்தது, மறுபடி ஒரு மறுப்பு. ஒன்று மூன்றாம் முறையும் போய்த் திரும்பி ரிட்டர்ன். 22 நடையில் 15 டெலிவரி. 22 முறை 18 என்றால் 396. மூன்று ரிட்டர்னுக்கும் மறுபடி ஸ்கேன், பேக்கிங், ஹப்புக்கு அனுப்பும் மூட்டை என்று ஒன்றுக்கு 12 ரூபாய் வீதம் 36. கூட்டினால் 432. 15-ஆல் வகுத்தால் 28.80.

நிறுவனம் உங்களுக்கு எந்தப் பார்சலானாலும் டெலிவரிக்கு 25 ரூபாய் தருகிறது என்று வையுங்கள். முன்பணப் பார்சலில் நாளைக்கு 121 ரூபாய் நிற்கும். கேஷ் ஆன் டெலிவரியில் 57 ரூபாய் போகும். கூட்டிக் கழித்தால் 64 மிச்சம் என்று தெரிவதால் எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைப்போம். பண்டிகை ஆஃபரில் கேஷ் ஆன் டெலிவரி பங்கு பாதிக்கு மேல் ஏறும்போது, பார்சல் அதிகமாகியும் பணம் குறைகிறதே என்று குழம்புவது இதனால்தான்.

இன்னொன்று: இந்தக் கணக்கில் ஒவ்வொரு நடையையும் ஒரே விலையில் வைத்திருக்கிறேன். உண்மையில் பணம் வாங்கிச் சில்லறை கொடுக்கவும், க்யூஆர் வேலை செய்யாமல் நிற்கவும், மாலையில் ஆபீஸில் பணம் எண்ணிக் கட்டவும் கேஷ் பார்சலுக்குத்தான் அதிக நேரம் போகிறது. ஆகவே 28.80 குறைந்தபட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் போகிற லைனையும் இதே கணக்கில் சேர்க்கலாமா?

தனியாக வையுங்கள். அந்த லைனில் ரைடர் நாளைக்கு 104 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்றால் பெட்ரோல் 260, வண்டிக்கு 140, சம்பளம் அதே 700, ஆக 1,100. தூரத்திலேயே நேரம் போய்விடுவதால் 25 பார்சல்தான் எடுத்துப் போக முடியும். 22 கொடுக்கிறார். ஒரு நடை 44 ரூபாய், ஒரு டெலிவரி 50 ரூபாய்.

இங்கே கவனிக்க வேண்டியது, கொடுக்க முடியாமல் திரும்புவது டவுனை விடக் குறைவு. டவுனில் 50-க்கு 10 என்றால் இங்கே 25-க்கு 3. கிராமத்தில் வீட்டில் யாராவது இருப்பார்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா வாங்கி வைப்பார். அட்ரஸ் 'மாரியம்மன் கோயில் எதிரில்' என்றுதான் இருக்கும், ஆனாலும் ஒரு போன் போட்டால் வழி சொல்லிவிடுவார்கள். சதவீதத்தை மட்டும் பார்க்கிறவர் இந்த லைன் நல்ல லைன் என்பார். ஆனால் இங்கே ஒரு வீண் நடைக்கு 44 ரூபாய் போகிறது, டவுனில் 18 தான். இரண்டு லைனையும் சேர்த்துச் சராசரி போட்டால் 2,000-ஐ 62-ஆல் வகுத்து 32.26 வரும். அது டவுனுக்கும் உண்மை இல்லை, வெளி லைனுக்கும் உண்மை இல்லை. அந்த எண்ணை வைத்து டவுன் கடைக்காரரிடம் ரேட் சொன்னால் அவர் வேறு கூரியருக்குப் போய்விடுவார்.

வெளி லைனில் மறுமுறை போவதை அன்றாடம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கிராமத்துக்குப் புதுப் பார்சல் வருகிற நாளில் பழையதையும் சேர்த்து எடுத்துப் போனால், அந்த மறுநடைக்கு ஆகிற கூடுதல் செலவு சில ரூபாய்தான். இதற்கு எத்தனை நாள் தாமதிக்கலாம் என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

ரைடருக்கு மாதச் சம்பளம் வேண்டாம், கொடுத்த பார்சலுக்கு 16 ரூபாய், பெட்ரோல் அவருடையது என்று வைத்தால் வீண் நடைச் செலவே இல்லையே?

உங்கள் நோட்டில் இல்லை. அவர் நோட்டுக்குப் போயிருக்கிறது. 40 டெலிவரிக்கு 640 ரூபாய், வண்டிக்கு 200 போக 440 கையில் நிற்கும். அதே நாளில் 46 கொடுக்க முடிந்திருந்தால் 736, கையில் 536. ஆறு பூட்டிய கதவு அவருடைய 96 ரூபாயைக் கொண்டுபோகிறது. அந்தப் பூட்டுக்கு அவர் எந்த விதத்திலும் காரணமில்லை.

மனிதர் அதற்கேற்றபடி நடந்துகொள்வார். மூன்றாம் மாடி, தெரியாத தெரு, ஏற்கனவே ஒரு முறை திரும்பிய பார்சல், இவற்றைக் கடைசிக்குத் தள்ளுவார். பிறகு போகாமலேயே 'கதவு பூட்டியிருந்தது' என்று ஸ்கேன் போடுவார். அப்போது வீண் நடை உங்களுக்கு ரிட்டர்னாகவும், புகாராகவும், நிறுவனம் பிடிக்கிற அபராதமாகவும் திரும்ப வரும். ரைடர் மாறிக்கொண்டே இருந்தால் புதியவருக்குத் தெரு பழகும் வரை இரண்டு மூன்று வாரம் எண்ணிக்கை இறங்கும், அதுவும் செலவுதான்.

நான் நியாயம் என்று நினைப்பது, டெலிவரிக்குக் கொஞ்சம் குறைத்து, நிரூபிக்கிற வீண் நடைக்கும் ஒரு சிறு தொகை தருவது. டெலிவரிக்கு 15, போன் அழைப்புப் பதிவும் வாசல் போட்டோவும் உள்ள வீண் நடைக்கு 4 என்றால் 40-க்கு 600, 10-க்கு 40, மொத்தம் அதே 640. அந்த 4 ரூபாயை அதிகம் ஏற்றிவிடவும் கூடாது. 10 ரூபாய் கொடுத்தால், கொடுக்க மெனக்கெடுவதை விட போட்டோ எடுப்பது லாபம் என்றாகிவிடும்.

ரைடர் உண்மையிலேயே போனாரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கேன் நேரத்தைப் பாருங்கள். நிஜமான பூட்டிய கதவுகள் நாள் முழுக்க, டெலிவரிகளுக்கு நடுவே நடுவே வரும். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் பத்து நிமிஷத்துக்குள் எட்டு 'கஸ்டமர் இல்லை' வரிசையாக விழுந்தால், எல்லாம் ஒரே இடத்தில் நின்று போட்டவை. அந்த எட்டில் இரண்டு பேரைக் கூப்பிட்டு "இன்று யாராவது வந்தார்களா, போன் வந்ததா" என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

உடனே ரைடர் மேல் பாய வேண்டாம். ஷீட்டில் 50 ஏற்றி அனுப்புகிறோம், மழை, டிராஃபிக், லேட்டாக வந்த ஹப் வண்டி எல்லாம் சேர்ந்து 44 வாசலுக்குத்தான் போக நேரம் இருந்தது என்றால் மிச்ச 6-க்கு அவர் என்ன ஸ்கேன் போடுவார்? 'நேரமில்லை, போகவில்லை' என்று போடத் தனிக் காரணம் கொடுத்து, அதற்காகத் திட்டாமல் இருந்தால் அவர் உண்மையைப் போடுவார். உங்கள் கணக்குக்கும் அது தேவை. அந்த 6-ஐ நடையாக எண்ணினால் ஒரு நடை 18 ரூபாய் என்று காட்டும், உண்மையில் 900-ஐ 44-ஆல் வகுத்தால் 20.45. வீண் நடையும் பத்து அல்ல, நாலுதான். வியாதி ஷீட்டின் சுமையில் இருக்க, மருந்தை கஸ்டமரிடம் தேடிக்கொண்டிருப்போம்.

வீண் நடையை அடியோடு நிறுத்திவிட்டால் ரைடருக்கு நாளைக்கு 180 ரூபாய் மிச்சமாகுமா?

ஆகாது. 10 நடை குறைந்தாலும் சம்பளம் 700 அப்படியே இருக்கும். கிலோமீட்டர் 52-லிருந்து 46 ஆகலாம். பூட்டிய வீடும் அதே தெருவில்தானே இருக்கிறது? கையில் நிற்பது 6 கிலோமீட்டருக்கு 23 ரூபாய். மீதி 157 காகிதத்தில்தான்.

காலியான அந்தப் பத்து இடத்தில் வேறு பார்சலை ஏற்ற முடிந்தால் கதையே வேறு. 10 டெலிவரி, ஒன்றுக்கு 25 வீதம் 250 ரூபாய் வரவு, கூடுதல் செலவு அதிகமில்லை. அதனால் ஹப்பில் பார்சல் தேங்குகிற மாதத்தில் வீண் நடையைக் குறைப்பதற்குச் செலவு செய்யுங்கள். மந்தமான மாதத்தில் அதே செலவு திரும்ப வராது.

ஆளைக் குறைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நான்கு ரைடர், 200 நடை, 160 டெலிவரி. மூன்று பேர் என்றால் 150 நடைதான் கிடைக்கும். ஒரு நடை கூட வீணாகாவிட்டாலும் 160 பார்சலைக் கொடுக்க முடியாது. தீபாவளி நேரத்தில் ஐந்தாவது ஆள் எடுக்காமல் சமாளிக்கலாம், அவ்வளவுதான். அந்த ஒரு மாதச் சம்பளம் உண்மையான மிச்சம்.

காலையில் எல்லோருக்கும் போன் போட ஒரு ஆள் வைப்பது லாபமா?

எல்லோருக்கும் தேவையில்லை. முன்பணம் கட்டிய புதுப் பார்சலில் 25-க்கு 23 தானாகவே போகிறது. கேஷ் பார்சலுக்கும் ஏற்கனவே திரும்பியதற்கும் மட்டும் போடுங்கள். நான்கு ரைடருக்குச் சேர்த்துப் புதுக் கேஷ் பார்சல் 72, ஏற்கனவே திரும்பியது 28, ஆக 100. ஒரு அழைப்புக்கு இரண்டு நிமிஷம் என்றால் 200 நிமிஷம். மணிக்கு 60 ரூபாய்க் கணக்கில் 200 ரூபாய், ஒரு ரைடருக்கு 50. அதனால் நாளைக்கு நாலு வீண் நடை குறைந்தால் 72 ரூபாய் பெறுமானமுள்ள நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தை நிரப்பப் பார்சல் இருக்கிறதா என்ற மேலே சொன்ன கேள்விதான் இங்கேயும்.

கேட்கிற விதத்தில்தான் பலன். "வீட்டில் இருப்பீங்களா" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "849 ரூபாய் பார்சல், மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள வரும், யார்கிட்ட கொடுக்கலாம்?" என்று கேளுங்கள். வேண்டாதவர் அப்போதே வேண்டாம் என்பார், அது வண்டியில் ஏறவே ஏறாது. சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று சொல்லுவார். அதை அட்ரஸோடு எழுதி வைத்தால் அடுத்த பார்சலுக்கு போனே தேவையில்லை.

பாண்டியில் பெட்ரோல் விலை குறைவு. முள்ளோடை தாண்டிப் போய் நிரப்பச் சொல்லலாமா?

அதற்காகவென்று போகச் சொல்லாதீர்கள். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் விலை குறைவுதான். லிட்டருக்கு 6 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தால் 8 லிட்டருக்கு 48 ரூபாய். போய் வர 12 கிலோமீட்டர் என்றால் பெட்ரோல் மட்டும் 30, அரை மணி நேரம் போனால் சம்பளத்தில் 44. கன்னியக்கோவில், பாகூர் பக்கம் டெலிவரி இருக்கிற ரைடர் வழியில் நிரப்பினால் சரி. அதிலும் மிச்சம் ஒரு டெலிவரிக்கு 20 பைசா அளவுதான்.

மழை, புயல் நாட்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?

வருஷா வருஷம் வருவது டெலிவரி செலவுக்குள், எப்போதாவது வருவது வெளியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாளைக்கு 40 கொடுத்தவர் 34 கொடுப்பது கடலூரில் வழக்கம். அதனால் ரேட் போடுகிறபோது நவம்பர் மாதத்தையோ மார்ச் மாதத்தையோ மட்டும் பார்க்காமல் பன்னிரண்டு மாதச் சராசரியை எடுங்கள்.

ஃபெஞ்சல் மாதிரி வந்தால் வேறு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே அது கரையைக் கடந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர் பகுதிக்குள் வந்தது. அப்படி மூன்று நாள் வண்டி எடுக்க முடியாமல், சம்பளம் மட்டும் கொடுத்ததாக வையுங்கள். 23 நாளில் 920 டெலிவரி. சம்பளம் 18,200, வண்டிச் செலவு 4,600, மொத்தம் 22,800. அப்படியே வகுத்தால் 24.78 வரும். டெலிவரி செலவு ஏறிவிட்டது என்று அடுத்த மாதம் ரேட்டைக் கூட்டிக் கேட்பீர்கள். அந்த மூன்று நாள் சம்பளம் 2,100-ஐப் புயல் நஷ்டம் என்று தனியே எழுதினால் மீதி 20,700, ஒரு டெலிவரிக்கு அதே 22.50.

இது கடலோர ஊர். 2011 கடைசியில் தானே புயலும் இங்கேதான் அடித்தது. அதனால் அந்தத் தனிக் கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் சிறு தொகை ஒதுக்கி வைப்பது நல்லது. டெலிவரி செலவோடு மட்டும் கலக்க வேண்டாம்.

எக்செலில் இதை எப்படிப் போடுவது?

ஒரு லைனுக்கு ஒரு ஷீட். ஒரு நாளைக்கு ஒரு வரி. C-யில் சம்பளம், D-யில் பெட்ரோல், E-யில் வண்டிச் செலவு, F-ல் உண்மையில் போன நடை, G-யில் கொடுத்த எண்ணிக்கை. 26 நாளுக்கு முதல் ஃபார்முலா ஒரு நடையின் செலவு, இரண்டாவது ஒரு டெலிவரியின் செலவு:

```
=SUM(C2:E27)/SUM(F2:F27)
=SUM(C2:E27)/SUM(G2:G27)
```

தினமும் ஒரு டெலிவரி செலவைக் கண்டுபிடித்து, மாசக் கடைசியில் அந்த 26 எண்ணுக்கும் AVERAGE போடாதீர்கள். 20 டெலிவரி நடந்த மந்தமான நாளும் 55 நடந்த நாளும் அதில் சமமாகிவிடும், விடை நிஜத்தை விட அதிகமாக வரும்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு துணிக்கடைக்காரர் மாதம் 300 பார்சல் தருகிறார், எல்லாம் டவுனுக்குள். டெலிவரிக்கு 24 ரூபாய் கேட்கிறார். எங்கள் செலவு 22.50 தானே, ஒத்துக்கொள்ளலாமா?

பாதி கேஷ் ஆன் டெலிவரியா என்று முதலில் கேளுங்கள். துணிக்கடை என்றால் அநேகமாக இருக்கும். பார்சலை அவரே உங்கள் ஆபீஸுக்குக் கொண்டுவந்து தருவதாக வைத்துப் பார்ப்போம். முன்பணம் 150, ஒன்றுக்கு 20.16 என்றால் 3,024. கேஷ் 150-ல் 125 தான் போய்ச் சேரும், 25 ரிட்டர்ன். 125-க்கு 28.80 வீதம் 3,600. மொத்தச் செலவு 6,624. டெலிவரி 275-க்கு 24 வீதம் வரவு 6,600. ஆபீஸ் வாடகை, கரண்ட், ஸ்கேன் போடும் ஆள் இவற்றுக்கு எதுவும் எடுக்காமலே 24 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

டெலிவரிக்கு 27, ரிட்டர்ன் ஆனால் பார்சலுக்கு 20 என்று கேட்டுப் பாருங்கள். 7,425-ம் 500-ம் சேர்ந்து 7,925. ஆபீஸ் செலவுக்கு 1,301 நிற்கும். ரிட்டர்னுக்குத் தனிக் காசு என்றதும் கடைக்காரரே ஆர்டர் எடுக்கும்போது போன் போட்டு உறுதி செய்ய ஆரம்பிப்பார், அது உங்களுக்கு இரட்டை நன்மை.

அவர் 24-க்கு மேல் ஏறவே மாட்டார் என்றால் உங்கள் ஷீட்டைப் பாருங்கள். டவுன் ரைடர்கள் தினமும் 50 நிரம்பிப் போகிறார்கள் என்றால் வேண்டாம். 38-ஓடு போய் நாலு மணிக்குத் திரும்பி வருகிறார்கள் என்றால், அவர் தருகிற நாளைக்குப் பதினொன்று பன்னிரண்டு பார்சலுக்கு உங்களுக்குக் கூடுவது பெட்ரோலும் ரிட்டர்ன் வேலையும்தான். அப்போது 24-க்கு எடுக்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு.